தலைப்பிலிருந்து கேள்விக்கு: ஓர் இறுதியாண்டு மாணவியின் இடைவிலகல் ஆய்வு

## பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு இலங்கை மலையகத்திலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் சமூகவியல் பாடநெறியில் நடந்தது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் இரண்டு பருவங்களுக்குள் தனி ஆய்வேடு ஒன்றை முடிக்க வேண்டும். முதற் பருவத்தில் முன்மொழிவு. இரண்டாம் பருவத்தில் தரவு சேகரிப்பும் எழுத்தும். கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. நான் மேற்பார்வையாளர். மாணவி, பாடசாலைகள், தோட்டம் எதுவும் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன்.

எங்கள் மாணவர் கொண்டுவரும் தலைப்புகளுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. ஒரு பெரிய பொருள், அதன்பின் முக்காற்புள்ளி, அதன்பின் "நுவரெலியா மாவட்டத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு". பொருள் பெரிதாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொன்னால், மாணவர் முக்காற்புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதியைத் திருத்துவார். மாவட்டம் பிரதேச செயலகப் பிரிவாகும். பிரிவு கிராம சேவகர் பிரிவாகும். கடைசியில் ஒரே ஒரு தோட்டத்தில் வந்து நிற்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை யாரும் தொடுவதில்லை. வரைபடத்தில் வட்டம் சிறிதாகிறது, ஆனால் என்ன கேட்கிறோம் என்பது முதல் நாள் இருந்த நிலையிலேயே இருக்கிறது. கீழே வரும் மாணவியும் இதே வழியில்தான் தொடங்கினார்.

## முதல் முன்மொழிவு

அவர் கொடுத்த முதல் தலைப்பு: "பெருந்தோட்ட மாணவர்களின் கல்விப் பிரச்சினைகளும் தீர்வுகளும்: நுவரெலியா மாவட்டத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு." இரண்டாவது தடவை வந்தபோது அது "பாடசாலை இடைவிலகலுக்கான காரணங்கள்" என்று மாறி, மாவட்டத்துக்குப் பதிலாக ஒரு கல்வி வலயம் வந்திருந்தது. கூடவே ஒரு வினாக்கொத்தும் இருந்தது. பெற்றோர் ஐம்பது பேரிடம் கொடுப்பதற்கானது. "உங்கள் பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கக் காரணம் என்ன?" என்ற கேள்விக்குக் கீழே வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை, போக்குவரத்து, ஆசிரியர் பற்றாக்குறை, ஏனையவை என ஐந்து பெட்டிகள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "இதை இன்றைக்கே நீங்களே நிரப்பினால் எந்தப் பெட்டியில் அதிகம் விழும்?"

"வறுமைதான் சேர். எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

"ஐம்பது பேரும் அதையே சொன்னால், உங்களுக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. வினாக்கொத்தின் குறை எனக்கு இரண்டு இடங்களில் பட்டது. ஐந்து பெட்டிகளும் ஆய்வாளர் ஏற்கெனவே நம்பியவை, ஆகவே விடையளிப்பவர் அவற்றுக்கு வெளியே போக வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, எந்த விடை வந்தாலும் ஆய்வாளர் "எதிர்பார்த்ததுதான்" என்று சொல்லிவிடலாம் என்பது. தவறாகப் போக வாய்ப்பே இல்லாத இடத்தில் கேள்வி இன்னும் உருவாகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

## அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது

தலைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, தோட்டத்தில் அவருடைய சொந்தக் குடியிருப்பான லயத்தில் யார் யார் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று சொல்லச் சொன்னேன். மாணவர் தலைப்பைப் பற்றிப் பேசும்போது புத்தக மொழியில்தான் பேசுவார்கள். தெரிந்த ஆட்களைப் பற்றிப் பேசினால் வேறு தகவல் வரும்.

"எங்க ஸ்கூல் அஞ்சாம் ஆண்டோட முடிஞ்சிரும் சேர். அதுக்கப்புறம் ரோட்டுக்கு எறங்கி பெரிய ஸ்கூலுக்குப் போகணும். அங்கதான் நெறய பேரு நிப்பாட்டிருவாங்கன்னு டீச்சர்மார் சொல்லுவாங்க. ஆனா எங்க செட்டுல ஆறாம் ஆண்டுக்கு எல்லாருமே போனோம். நின்னதெல்லாம் பொறகுதான்."

முன்னேற்றம் இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருந்தது. ஆசிரியர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள். மாணவி நேரில் கண்டது வேறு. இரண்டில் ஒன்று பிழையாக இருக்கலாம், அல்லது இரண்டும் ஓரளவு சரியாக இருக்கலாம். எங்கே பார்த்தால் தெரியும் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் "இடைவிலகல்" என்ற பரந்த சொல் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தது.

பின்புலம் ஒரு வரியில்: இலங்கையில் அரச பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகை 3 பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுக்கானது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் கீழ் வந்தன. அவற்றில் பல இன்றும் ஐந்தாம் தரத்தோடு முடிகின்றன. ஆகவே பதினோரு வயதில் பாடசாலை மாறுவது அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

## கேள்விகளைப் பிரித்தல்

அடுத்த சந்திப்புக்கு, இந்த விடயத்தில் மனதில் எழும் எல்லாக் கேள்விகளையும் நல்லது கெட்டது பார்க்காமல் எழுதிவரச் சொன்னேன். ஒரு தாள் நிறையக் கொண்டுவந்தார். இருவரும் அவற்றை விடையின் தன்மையைக் கொண்டு பிரித்தோம். "எத்தனை பேர், எப்போது" என்று எண்ணிப் பார்க்க வேண்டியவை ஒரு பக்கம். இரண்டு பகுதியினரை ஒப்பிட வேண்டியவை இன்னொரு பக்கம். "ஏன்" என்பவை தனியாக. "அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்" என்பவை கடைசியில்.

கடைசிக் குவியலை முதலில் எடுத்துவிட்டோம். என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தத் தரவும் தனியாகச் சொல்லாது. அது பரிந்துரை அத்தியாயத்தில் வரட்டும். இந்த இடத்தில் மாணவி தயங்கினார். பிரச்சினையைச் சொல்லித் தீர்வு சொல்லாவிட்டால் ஊருக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். எந்தத் தரத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் எந்தத் தரத்துக்குத் தீர்வு சொல்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். முழுச் சம்மதம் இல்லாமலேயே ஏற்றுக்கொண்டார்.

அவர் மிகவும் விரும்பியது "ஏன்" குவியலில் இருந்த ஒரு கேள்வியை: "பாடசாலை மாறுவதால் இடைவிலகல் ஏற்படுகிறதா?" குறுகியதாகவும் தெளிவாகவும் தெரிகிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் பாடசாலை மாறாத பிள்ளையே கிடையாது. எல்லோரும் மாறுகிறார்கள். மாறியவர்களை மட்டும் பார்த்துவிட்டு, மாறியதால்தான் நின்றார்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய பாடசாலையில் ஆரம்பப் பிரிவும் இருக்கிறது என்று மாணவி சொன்னார். முதலாம் தரத்திலிருந்து அங்கேயே படித்த பிள்ளைகளும் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளும் ஆறாம் தரத்தில் ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். ஒரே ஆசிரியர்கள், ஒரே நேரசூசி. ஒப்பீடு அங்கேயே இருந்தது. அதோடு ஒரு எச்சரிக்கையும் குறித்துவைத்தோம்: ஆரம்பப் பிரிவிலிருந்தே படித்தவர்கள் பெரும்பாலும் பாடசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். வேறுபாடு தெரிந்தாலும் அது பாடசாலை மாறியதாலா, தூரத்தாலா என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. ஆகவே "ஏற்படுகிறதா" என்ற சொல்லைக் கைவிட்டு, "வேறுபாடு உண்டா" என்பதோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தோம்.

## வெற்று அட்டவணை

இந்த நிலையில் நான் எல்லா மாணவரிடமும் ஒரு வேலையைக் கேட்பேன். தரவு ஒன்றும் சேகரிக்க முன்னரே, ஆய்வேட்டின் முக்கிய அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துவர வேண்டும். நிரைகளுக்கும் நிரல்களுக்கும் பெயர் இருக்க வேண்டும், கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். வரைய முடியாவிட்டால் கேள்வி இன்னும் தயாராகவில்லை.

மாணவியின் முதல் அட்டவணையில் தரங்களும், ஒவ்வொரு தரத்திலும் நின்றவர்களின் எண்ணிக்கையும் மட்டும் இருந்தன. அதில் ஒரு கற்பனை எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "பத்தாம் தரத்தில் 4 பேர்" என்று எழுதினார். எத்தனை பேரில் நான்கு? ஆறாம் தரத்தில் சேர்ந்த எல்லோரிலுமா, பத்தாம் தரம் வரை மிஞ்சியவர்களிலா? மேல் வகுப்புக்குப் போகப் போக வகுப்பில் ஆட்கள் குறைவதால் இந்த இரண்டுக்கும் விடை வேறு. அப்படித்தான் "தரத் தொடக்கத்தில் இருந்தோர்" என்ற நிரல் வந்தது. இன்னொரு சந்திப்பில், பெயர் காணாமற்போன எல்லோரும் படிப்பை நிறுத்தியவர்கள் இல்லை, சிலர் கொழும்புக்கோ வேறு தோட்டத்துக்கோ குடும்பத்தோடு போயிருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்கும் ஒரு நிரல் சேர்ந்தது. கடைசியில் அட்டவணை இப்படி நின்றது:

| தரம் | தரத் தொடக்கத்தில் இருந்தோர் | வேறு பாடசாலைக்கு மாறியோர் | படிப்பை நிறுத்தியோர் |
|---|---|---|---|
| 6 | | | |
| 7 | | | |
| 8 | | | |
| 9 | | | |
| 10 | | | |
| 11 | | | |

தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, ஆரம்பத்திலிருந்தே அங்கு படித்தவர்களுக்கு இன்னொன்று என இதே வடிவில் இரண்டு அட்டவணைகள்.

இதைப் பார்த்து மாணவியே கேள்வியைத் திருத்தி எழுதினார்: "ஐந்தாம் தரத்தோடு முடியும் ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளைகளும், அவர்கள் சேர்ந்த பாடசாலையில் முதலாம் தரத்திலிருந்தே படித்த பிள்ளைகளும், 6 முதல் 11 வரை எந்தெந்தத் தரத்தில் படிப்பை நிறுத்துகிறார்கள்? இரு பகுதியினருக்கும் இதில் வேறுபாடு உண்டா?" வாசிக்கக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எதைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று கேள்வியே சொல்கிறது. ஆசிரியர்கள் சொன்னது சரியா, மாணவி கண்டது சரியா என்பதும் முதல் நிரையிலேயே தெரிந்துவிடும்.

## எந்த ஆண்டுகள்

எந்த ஆண்டுப் பிள்ளைகளைத் தொடர்வது என்பதில் சிறு விவாதம் நடந்தது. மிக அண்மைய ஆண்டுகளை எடுப்பதுதான் மாணவிக்கு விருப்பம். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்தத் தடங்கல் 2021 வரை நீண்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மீண்டும் மூடப்பட்டன. அந்த ஆண்டுகளில் யார் படிப்பை நிறுத்தினார், யார் வீட்டில் இருந்தார் என்று இடாப்பை வைத்துச் சொல்வது கடினம். ஆகவே 2011, 2012, 2013இல் ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்களை எடுத்தோம். அவர்கள் 2016, 2017, 2018இல் பதினோராம் தரத்தில் இருந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்ததற்கு ஒரே காரணம் எண்ணிக்கை. ஓர் ஆண்டில் அந்தத் தோட்டத்திலிருந்து வருபவர்கள் ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடியவர்களாகவே சில வேளைகளில் இருந்தார்கள்.

## பதிவேடுகளைப் பார்த்த பின்

வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் கிடைக்கப் பல வாரங்கள் ஆயின. அதற்கிடையில் முன்மொழிவை முடிக்காமல் வைத்திருந்தோம். பதிவேட்டை நேரில் பார்க்காமல் முன்மொழிவை இறுதி செய்வதில்லை என்பது நான் பிடிவாதமாக வைத்திருக்கும் ஒரு விதி. அதிபருக்கு வேறொரு கவலை இருந்தது. இடைவிலகல் எண்ணிக்கை வெளியே போனால் பாடசாலைக்குக் கெட்ட பெயர் வரும் என்று அஞ்சினார். பெயர்கள் எதுவும் பிரதி எடுக்கப்படாது, பாடசாலையின் பெயரும் ஆய்வேட்டில் வராது, அலுவலக அறையிலேயே இருந்து கையால் குறிப்பெடுப்பார் என்ற உடன்பாட்டில் அனுமதித்தார்.

மாணவி முதலில் எடுத்தது சேர்விடாப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்விலக்கம், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் ஆகியவை அதில் இருந்தன. முன்பு படித்த பாடசாலை என்ற நிரல்தான் இரு பகுதியினரையும் பிரித்துக் கொடுத்தது.

காரணம் என்ற நிரலைப் பார்த்ததும் "ஏன்" என்ற கேள்வியை விட்டது சரி என்று தெரிந்தது. விலகிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நேரே "பெற்றோரின் வேண்டுகோள்" என்று ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவர்களுக்கு எழுதவேண்டிய வழக்கமான வரி அது. அதை வைத்துக் காரணங்களை எண்ணியிருந்தால், பெற்றோரின் வேண்டுகோளே இடைவிலகலின் தலையாய காரணம் என்று ஓர் அத்தியாயமே வந்திருக்கும்.

அடுத்த சிக்கல் நாங்கள் எதிர்பாராதது. விலகிய திகதிகளில் பல டிசம்பர் மாதத்திலோ ஜனவரி முதல் வாரத்திலோ விழுந்திருந்தன. பிள்ளைகள் எல்லோரும் ஆண்டு முடிவில்தான் நிற்பார்களா? மாணவிக்குச் சந்தேகம் வந்து, வகுப்பு வரவு இடாப்புகளைக் கேட்டார். மழைக்கால ஈரத்தில் ஒட்டிப்போனவை, கிடைக்காதவை போக ஏறக்குறையப் பாதி ஆண்டுகளுக்குத்தான் அவை இருந்தன. இருந்தவற்றில் நிலைமை தெளிவாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை ஒன்பதாம் தரத்தின் இரண்டாம் தவணையிலிருந்து வரவே இல்லை. ஆனாலும் பெயர் தொடர்ந்து இருந்தது. ஜனவரியில் பெயர் பத்தாம் தர இடாப்புக்கும் போனது. அங்கே சில மாதங்கள் வெற்றுக் கட்டங்களோடு கிடந்த பிறகே வெட்டப்பட்டது. சேர்விடாப்பைப் பொறுத்தவரை அவர் பத்தாம் தரத்தில் விலகியவர்.

இங்கே முடிவு செய்யவேண்டி வந்தது. எந்த நாளை "படிப்பை நிறுத்திய நாள்" என்று எடுப்பது? பாடசாலை பெயர் வெட்டிய நாளா, பிள்ளை கடைசியாக வந்த நாளா? கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. ஆகவே கடைசி வரவு நாளை எடுத்தோம், அதன்பின் வேறு பாடசாலைக்கு மாறியதாகப் பதிவு இல்லை என்ற நிபந்தனையோடு. வரவு இடாப்பு கிடைக்காத பிள்ளைகளுக்குச் சேர்விடாப்புத் திகதியையே எடுத்துத் தனிக் குறியிட்டார். கேள்வியின் சொற்கள் மாறவில்லை. ஆனால் "நிறுத்துதல்" என்றால் என்ன என்பதற்கு ஒரு பந்தி வரைவிலக்கணம் சேர்ந்தது. ஆய்வேட்டில் மிகக் கவனமாக எழுதப்பட்ட பந்தி அதுதான்.

## கிடைத்த விடை

மூன்று ஆண்டுகளையும் சேர்த்தும் தோட்டத்திலிருந்து வந்த பகுதியினர் சில பத்துப் பேர்தான். ஆகவே அட்டவணையில் சதவீதம் போட வேண்டாம், ஆட்களின் எண்ணிக்கையையே போடுங்கள் என்று சொன்னேன். ஒரு தரத்தில் இரண்டு பேர் கூடினால் சதவீதம் எகிறிவிடும். வாசிப்பவர் அதைப் பெரிய மாற்றமாக நினைப்பார்.

ஆறாம் தரத்துக்கு வராமலே போனவர்கள் என்று ஆசிரியர்கள் கருதியவர்களை, மாணவி தோட்டப் பாடசாலையின் ஐந்தாம் தரப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வராதவர்களில் ஏறத்தாழ எல்லோரும் விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலையில் சேர்ந்திருந்தார்கள். புலமைப்பரிசில் பெறுபேற்றோடு நகரப் பாடசாலைக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். பெரிய பாடசாலையின் ஆசிரியர்களுக்கு அவர்கள் வராத பிள்ளைகள். ஆசிரியர்கள் சொன்னதில் பொய் இல்லை, அவர்கள் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும்.

6, 7, 8ஆம் தரங்களில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒன்பதாம் தரத்தில் தோட்டப் பகுதியினரில் நிறுத்தியோர் தெளிவாகக் கூடினர். சேர்விடாப்பை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கூடுதல் பத்தாம் தரத்தில் விழுந்திருக்கும்.

## வாய்மொழிப் பரீட்சை

பரீட்சகர்களில் ஒருவர், ஏன் நின்றார்கள் என்று ஏன் கேட்கவில்லை என்றார். எதிர்பார்த்த கேள்விதான். காரணம் கேட்பதற்கு முன் எந்தக் கட்டத்தில் கேட்பது என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் ஆறாம் தரத்தில் நின்றவர்களைத் தேடி அலைந்திருப்பேன், அப்படி யாரும் இல்லை என்று மாணவி பதில் சொன்னார்.

இரண்டாவது கேள்வி எங்கள் இருவருக்குமே புதிது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் ஒன்பதாம் தரப் பிள்ளை ஏறக்குறைய சட்டப்படி நிற்கக்கூடிய வயதை அடைந்திருக்கும். 2011இலும் 2012இலும் ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்கள் ஒன்பதாம் தரத்தை 2014, 2015இல் கடந்தார்கள். 2013இல் சேர்ந்தவர்கள் விதி மாறிய அதே ஆண்டில் அந்தத் தரத்தில் இருந்தார்கள். ஒன்பதாம் தரத்தில் தெரியும் கூடுதல், பழைய வயதெல்லையோடு தொடர்புடையதாக இருக்கலாம் அல்லவா? மூன்று ஆண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தபோது அந்தக் கோடு மறைந்துபோனது. மாணவி திருத்தப் பிரதியில் ஆண்டுகளைப் பிரித்துப் போட்டார். பிரித்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று, இரண்டு என்றுதான் மிஞ்சியது. அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது என்று அப்படியே எழுதினார். பழைய வயதெல்லை இரு பகுதியினருக்கும் பொதுவானது, ஆகவே அவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அது மட்டும் விளக்காது என்றும் சேர்த்தார். அந்த வரி அவர் தாமாகவே எழுதியது.

## ஒரு வரம்பு

அதே தொகுதியில் இன்னொரு மாணவர் தோட்டத்து ஒப்பாரிப் பாடல்களை எடுத்திருந்தார். வெற்று அட்டவணை கேட்டபோது பாடலின் வரிகளையும் உவமைகளையும் எண்ணிப் போடும் ஓர் அட்டவணை கொண்டுவந்தார். பார்க்க ஒழுங்காக இருந்தது, ஆனால் அவர் உண்மையில் கேட்க நினைத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. பாட்டி பாடிய ஒப்பாரியில் இந்தியாவில் விட்டுவந்த ஊர் வருகிறது, அம்மா பாடுவதில் வருவதில்லை என்பதே அவர் கவனித்தது. அவருக்கு அட்டவணையை விட்டுவிட்டு, எந்தப் பாடலின் எந்தப் பகுதியை எதன் பக்கத்தில் வைத்து வாசிப்பீர்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டோம். அதிலிருந்து அவர் கேள்வி பிறந்தது. எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கு வைத்த சோதனையை எல்லாத் தலைப்புக்கும் வைத்தால், மாணவர் சோதனைக்குத் தக்கபடி கேள்வியைக் கெடுத்துக்கொள்வார்கள்.

## அடுத்த தொகுதிக்குச் செய்த மாற்றங்கள்

முன்மொழிவுப் படிவத்தில் முதல் வரி தலைப்பாக இருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளி, முதல் வரியில் கேள்வியை வைத்தோம். கேள்விக்குக் கீழே, விடை எந்த ஆவணத்தில் அல்லது யாரிடம் இருக்கிறது, அதை நேரில் பார்த்தீர்களா என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்தால் அது எப்படி இருக்கும் என்று ஒரு வரி. அனுமதிக் கடிதங்களுக்கான விண்ணப்பத்தை முதற் பருவத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்தோம். கேள்வி முழுதாக உருவாகாத நிலையிலும் பதிவேட்டைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம் என்று மாணவருக்குச் சொல்கிறோம்.

மூன்றாவது வரியை இன்னும் பலர் காலியாக விட்டு வருகிறார்கள். காலியாக வரும் படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல், அந்த மாணவரோடு உட்கார்ந்து அவருடைய லயத்திலோ ஊரிலோ தெரிந்த ஆட்களைப் பற்றி முதலில் பேசுகிறோம். ஒன்பதாம் தரத்தில் நின்றவர்களின் வீடுகளுக்குப் போய்க் காரணம் கேட்கும் வேலையை இந்த ஆண்டு இன்னொரு மாணவி எடுத்திருக்கிறார். எத்தனை வீடுகள் என்பதையும், நிறுத்தி எத்தனை ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களிடம் கேட்டால் நினைவு நம்பக்கூடியதாக இருக்கும் என்பதையும் அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.